கோட்டின் முன்பக்கக் காஜா: புரிநூல் வைத்துக் கையால் தைப்பது

கம்பளிக் கோட்டின் முன்பக்கத்தில் கையால் எடுக்கும் காஜாவுக்கும் மெஷின் காஜாவுக்கும் உள்ள வேறுபாடு கத்தி வைக்கும் நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. மெஷின் பெரும்பாலும் முதலில் தைத்துவிட்டுப் பிறகு நடுவில் வெட்டும். வெட்டிய இழைகளின் நுனிகள் தையலுக்கு உள்ளே பிசிறாக நிற்கும். நாலு முறை பொத்தான் போட்டுக் கழற்றினால் வெளியே தலைகாட்டும். கைக்காஜாவில் முதலில் வெட்டுகிறோம், பிறகு வெட்டிய ஓரத்தையே நூலால் சுற்றி மூடுகிறோம். ஓரத்தின் மேல் ஒரு புரிநூலைப் படுக்க வைத்து, அதையும் சேர்த்துச் சுற்றுவதால் ஓரம் சற்றே எழும்பி, முடிச்சுகள் வரிசையாக மேலே உட்காருகின்றன. லண்டன் சாவில் ரோ தையல் கடைகளில் இன்றும் கோட்டுக்கு இப்படித்தான் காஜா எடுக்கிறார்கள். அங்கே கோட்டை வெட்டுபவர் ஒருவர், உடலைத் தைப்பவர் ஒருவர், காஜாவும் லைனிங்கும் முடிப்பவர் இன்னொருவர் என்று வேலை பிரிந்திருக்கும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு காஜாவை எடுத்துக்கொள்வோம். இரண்டு பொத்தான் வைத்த ஆண்கள் கோட்டு; அடர் சாம்பல் நிற ஃபிளானல்; பொத்தான் 20 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனம். கடையில் 32 லைன் என்று கேட்டால் இந்த அளவுப் பொத்தானைத் தருவார்கள். ஆண்கள் கோட்டில் காஜா இடது முன்பக்கத்தில் வரும். பெண்கள் கோட்டுக்கு வலது பக்கம். மற்றபடி செய்முறை ஒன்றுதான்.

எப்போது தொடங்குவது

முன்பக்கத் துணி, கேன்வாஸ், உள்முகப்பு மூன்றும் சேர்ந்து, ஓரம் தைத்துத் திருப்பி, நன்றாக இஸ்திரி போட்டு முடித்த பிறகே காஜாவில் கை வைக்க வேண்டும். அதற்கு முன்னால் வெட்டினால், ஓரம் திருப்பும்போது அரை மில்லிமீட்டர், இஸ்திரியில் இன்னொரு அரை மில்லிமீட்டர் என்று இடம் நகர்ந்துவிடும். இரண்டு காஜாவும் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் இல்லை என்றால் அது முதல் பார்வையிலேயே தெரியும்.

கோட்டில் கை வைக்கும் முன் அதே துணி, அதே கேன்வாஸ், அதே உள்முகப்பு மூன்றையும் உள்ளங்கை அளவு வெட்டி, அடுக்கித் தைத்து ஒரு மாதிரித் துண்டு செய்துகொள்ளுங்கள். வெறும் துணியில் பழகினால் பயன் இல்லை. காஜாவின் கஷ்டமே அந்த மூன்று அடுக்கின் கனத்தில்தான் இருக்கிறது. நூலின் நிறம், தையலின் ஆழம், பிளவின் நீளம் எல்லாவற்றையும் இந்தத் துண்டிலேயே முடிவு செய்ய வேண்டும்.

நூலும் புரியும்

தைக்கும் நூல் பட்டில் முறுக்கிய காஜா நூல். சாதாரணத் தையல் நூலைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமன் இருக்கும்; மூன்று இழைகளைச் சேர்த்து இறுக முறுக்கியிருப்பார்கள். அந்த முறுக்குதான் முடிச்சுக்கு உருண்ட வடிவம் தருகிறது. பாலியெஸ்டர் நூல் உறுதியில் குறைந்ததல்ல. ஆனால் அது வழுக்கும். முடிச்சு போட்ட இடத்தில் நிற்காமல் சற்றே பின்வாங்கும். பருத்தி நூல் நிற்கும், ஆனால் சீக்கிரம் பஞ்சாகும். கம்பளிக் கோட்டுக்குப் பட்டு நூலே சரி. நிறம் எடுக்கும்போது துணியை விட ஒரு சாயல் அடர்த்தியாக எடுங்கள். பட்டின் பளபளப்பால் தைத்த பிறகு நூல் வெளிறித் தெரியும். துணியின் நிறத்துக்குச் சரியாக எடுத்தால் காஜா வெள்ளையடித்தது போல் நிற்கும்.

ஓரத்தில் படுக்க வைக்கும் புரிக்குக் கடையில் கிம்ப் என்று பெயர். நடுவில் ஒரு கனமான நூல், அதைச் சுற்றி மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். தொட்டால் மெல்லிய கம்பி போல விறைப்பாக இருக்கும். இது எல்லா ஊரிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் காஜா நூலிலேயே புரி திரித்துக்கொள்ளலாம்; தையற்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். முக்கால் மீட்டர் நீளத்தில் நான்கு இழை எடுத்து, ஒரு நுனியை ஆணியில் கட்டி, மறு நுனியை விரலால் உருட்டி முறுக்க வேண்டும். எந்தத் திசையில் முறுக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். நூலில் ஏற்கெனவே இருக்கும் முறுக்குக்கு எதிர்த்திசையில் முறுக்கினால் நான்கு இழையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருண்டையான புரியாகும். அதே திசையில் முறுக்கினால் ஒவ்வோர் இழையும் மேலும் இறுகி, விட்டதும் சுருண்டு முடிச்சு விழும். முறுக்கிய புரியைத் தளர விடாமல் தேன்மெழுகில் மூன்று நான்கு முறை இழுத்து, இரண்டு காகிதங்களுக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டுங்கள். மெழுகு உருகி உள்ளே இறங்கி, ஆறியதும் புரி விறைத்து நிற்கும். ஒரு காஜாவுக்கு 10 சென்டிமீட்டர் புரி போதும். முக்கால் மீட்டர் புரியில் கோட்டின் எல்லாக் காஜாவும் முடிந்துவிடும்.

தைக்கும் நூலுக்கும் இதே மெழுகும் இஸ்திரியும் உண்டு. காகிதத்தில் மெழுகு கறை விழும் வரை சூடு காட்டுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் உபரி மெழுகு துணியில் ஒட்டி, ஃபிளானல் மேல் வெள்ளைத் தூளாகத் தெரியும். நீளம் ஒன்றேகால் மீட்டர். நம் காஜாவில் ஏறக்குறைய 45 தையல் வரும். ஒவ்வொன்றும் முடிச்சோடு சேர்த்து ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக நூல் தின்னும். கடைசிக் கட்டுக்கும் வால் விடுவதற்கும் மிச்சம் வேண்டும். நடுவில் நூல் தீர்வதை விட, முடிவில் ஒரு சாண் நூல் வீணாவது மேல்.

அளப்பது

பொத்தான் நுழைய அதன் அகலமும் கனமும் சேர்ந்த நீளம் வேண்டும். நம் பொத்தானுக்கு 20 கூட்டல் 3, ஆக 23 மில்லிமீட்டர். பொத்தான் மேடு தட்டியதாக இருந்தால் கூட்டல் கணக்கு ஏமாற்றும். அப்போது ஒரு மெல்லிய காகிதப் பட்டையைப் பொத்தானைச் சுற்றி இறுக்கி, சந்திக்கும் இடத்தில் குறி வைத்து, விரித்துப் பாதியாக மடித்தால் வரும் நீளமே பிளவின் நீளம். மாதிரித் துண்டில் காஜா எடுத்து முடித்ததும் பொத்தானை நுழைத்துப் பாருங்கள். சற்றே பிடித்து நுழைய வேண்டும். புதுக் காஜா நாளடைவில் கொஞ்சம் தளரும். முதல் நாளே தாராளமாக இருந்தால் மூன்றாம் மாதம் பொத்தான் தானாகவே கழன்று வரும்.

கோட்டின் ஓரத்திலிருந்து நடுக்கோடு 2 சென்டிமீட்டர் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொத்தான் போட்ட பிறகு அதன் காம்பு நடுக்கோட்டில் நிற்க வேண்டும். கோட்டை உடம்பு இழுக்கும்போது காம்பு காஜாவின் ஓரப்பக்க முனைக்குப் போய் நிற்கும். ஆகவே அந்த முனை நடுக்கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் ஓரத்தை நோக்கி, அதாவது ஓரத்திலிருந்து 17 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். அங்கிருந்து 23 மில்லிமீட்டர் உள்ளே அளந்து மறு குறி. இரண்டையும் சேர்க்கும் கோட்டை டெய்லர் சாக்கால் போடாதீர்கள். சாக்கின் கோடே ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மாறுபட்ட நிற நூலால் ஒரு நெடுந்தையல் போடுங்கள். குறுக்கிழை ஒன்றையே பிடித்துப் போனால் கோடு நேராக வரும். பிறகு அந்த இழையின் ஓரமாகவே வெட்டலாம்.

ஓரப்பக்க முனையில் வட்டமாக ஒரு கண் வரும். காம்பு அங்கே போய் உட்காருவதற்கான இடம் அது. கண் இல்லாத நேர்ப்பிளவில் காம்பு நுழைந்தால் இரண்டு உதடும் விலகி, பொத்தானுக்கு அருகே காஜா எப்போதும் திறந்தே கிடக்கும்.

வெட்டுவதும் ஓரம் கட்டுவதும்

காஜா நன்றாக வருமா வராதா என்பது இந்தக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து. பழகும் ஆட்கள் எல்லோரும் முடிச்சைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள்; கெட்டுப்போன காஜாக்களில் பெரும்பாலானவற்றை உற்றுப் பார்த்தால் தப்பு முடிச்சில் இருக்காது, அதற்கு அடியில் இருக்கும்.

முதலில் குறியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் தள்ளி, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தற்காலிக ஓட்டுத்தையல் போடுங்கள். அதற்கு உள்ளே, குறிக்கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி, துணி நிறத்து மெல்லிய நூலால் நெருக்கமான ஓட்டுத்தையல் ஒரு சுற்று. இது நிரந்தரமாக உள்ளேயே இருக்கும். மேலே வரும் காஜாத் தையல் இதை மூடிவிடும். இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிட்டால், வெட்டிய உடனே மேல்துணி ஒரு பக்கமும் உள்முகப்பு மறுபக்கமுமாக நழுவும். பிறகு ஊசி மூன்றையும் ஒரே ஆழத்தில் பிடிக்காது.

கண்ணை முதலில் போடுங்கள். 4 மில்லிமீட்டர் துளைப்பானைக் கட்டை மேல் வைத்து ஒரே அடி. பிறகு கண்ணிலிருந்து உள்முனை வரை பிளவு. காஜா உளி இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் கூரிய சிறு கத்திரி. கத்திரியின் கீழ் அலகைக் கண்ணுக்குள் விட்டு, மூன்று அடுக்கையும் ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். அரைகுறையாக வெட்டி மீண்டும் வெட்டினால் அடியில் படிக்கட்டு விழும். வெட்டியதும் கண்ணும் பிளவும் சேரும் இடத்தில் இருபுறமும் சின்ன மூலைகள் நீட்டி நிற்கும். அவற்றைக் கத்திரி நுனியால் சரித்து விடுங்கள். இல்லையென்றால் புரி அந்த இடத்தில் முழங்கால் போல மடங்கும்.

இப்போது கண்ணுக்குள் உற்றுப் பாருங்கள். கேன்வாஸில் குதிரைமயிர் இருந்தால், துளைத்த இடத்தில் அறுந்த மயிர்கள் முள் முள்ளாக நிற்கும். அப்படியே தைத்தால் அவை தையலுக்கு இடையே குத்திக்கொண்டு வெளியே வரும். அறுந்த நுனிகளைச் சிறு இடுக்கியால் பிடித்து, கேன்வாஸை மட்டும் அரை மில்லிமீட்டர் உள்வாங்கி நறுக்குங்கள். பிளவின் நேர்ப்பகுதியில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அங்கே மயிர் பிளவுக்கு இணையாக ஓடுகிறது.

அந்த இணை ஓட்டமே வேறொரு தொல்லை. பிளவு குறுக்கே போகிறது. ஆகவே நெட்டிழைகள் எல்லாம் வெட்டுப்படுகின்றன. பிளவை ஒட்டி ஓடும் குறுக்கிழைக்குப் பிடிமானம் இல்லை. நகத்தால் நெருடினாலே ஒன்றன்பின் ஒன்றாக உருவி வந்துவிடும். அதனால்தான் வெட்டிய கையோடு ஓரம் கட்ட வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மடித்து வைக்கக் கூடாது. மெழுகிட்ட மெல்லிய நூலால் பிளவைச் சுற்றிச் சாய்வாகச் சுற்றுத்தையல் போடுங்கள். ஆழம் ஒன்றரையிலிருந்து 2 மில்லிமீட்டர், இடைவெளி 2 மில்லிமீட்டர். ஓரத்துக்கு உள்ளே நாலைந்து குறுக்கிழையாவது தையலுக்குள் சிக்க வேண்டும். இறுக்கி இழுத்தால் ஓரம் சுருண்டு அலையடிக்கும்; நூல் துணியைத் தொட்டுக்கொண்டு படுத்தால் போதும். ஃபிளானலுக்கு இந்த அளவு சரி. நெசவு தளர்ந்த ட்வீடாக இருந்தால் ஆழத்தை 3 மில்லிமீட்டராக்கி, பின்னால் வரும் காஜாத் தையலையும் அதற்கு ஏற்ப ஆழப்படுத்த வேண்டும். மிகத் தளர்ந்த ட்வீடில் கண்வைத்த கைக்காஜா எடுக்காமல் இருப்பதே மேல்; பிடிக்க இழையே இருக்காது.

புரியைப் படுக்க வைத்துத் தைப்பது

5 அல்லது 6-ஆம் எண் ஊசியில் நூலைக் கோத்து, நுனியில் முடிச்சிட்டு, பிளவின் உள்முனையிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளித் துணிக்கும் கேன்வாஸுக்கும் நடுவே விட்டு, உள்முனையில் வெளியே எடுங்கள். முடிச்சு மேலே இருக்கட்டும். வேலை முடிந்ததும் வெட்டிவிடலாம். புரியின் ஒரு நுனியை 3 சென்டிமீட்டர் மிச்சம் விட்டு, உள்முனையில் ஒரு தையலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளவு உங்களுக்குக் குறுக்காக இருக்கும்படி துணியைப் பிடியுங்கள். தைக்கும் உதடு உங்கள் பக்கம் இருக்க வேண்டும். புரி அந்த உதட்டின் மேல், வெட்டிய விளிம்போடு விளிம்பாகப் படுக்கட்டும். இடது கைக் கட்டைவிரல் அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். வேலை எப்போதும் உள்முனையிலிருந்து கண்ணை நோக்கிப் போய், கண்ணைச் சுற்றி, மறு உதடு வழியாக உள்முனைக்குத் திரும்பும். வலக்கைக்காரர்களில் வலமிருந்து இடமாகப் போகிறவர்களும் உண்டு, இடமிருந்து வலமாகப் போகிறவர்களும் உண்டு. உங்கள் கைக்கு எது வசதியோ அப்படி.

ஊசியைப் பிளவுக்குள் இறக்கி, துணிக்கு அடியில் கொண்டுவந்து, விளிம்பிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி உங்களை நோக்கி மேலே எடுங்கள். முழுதாக இழுத்துவிட வேண்டாம். ஊசி பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கட்டும். இப்போது ஊசியின் காதிலிருந்து வரும் நூலைக் காதுக்குப் பக்கத்திலேயே பிடித்து, ஊசிமுனைக்கு அடியில் ஒரு சுற்று விடுங்கள். வேலை எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையிலேயே சுற்று போக வேண்டும். பிறகு ஊசியை உருவுங்கள். நூல் ஓடி முடியும் சமயத்தில், உங்களை விட்டு விலக்கி, பிளவின் பக்கமாகவும் மேல்நோக்கியும் இழுத்தால் முடிச்சு நழுவி வந்து புரியின் மேல்விளிம்பில் உட்காரும். அங்கே ஒரு சிறு சுண்டு.

சரியாக வந்ததா என்பதை முடிச்சே சொல்லும். விளிம்பில் உருண்டையாக ஒரு மணி நின்றால் சரி. மணி இல்லாமல் நூல் விளிம்போடு சும்மா படுத்திருந்தால், சுற்று தவறான திசையில் போயிருக்கிறது, அல்லது காதுப்பக்க நூலை எடுப்பதற்குப் பதிலாகப் பழைய தையலிலிருந்து வரும் நூலை எடுத்திருக்கிறீர்கள். போர்வை ஓரத்துக்குப் போடும் தையல் அது. கோட்டுக் காஜாவில் அது நிற்காது.

அடுத்த தையலை முந்தைய தையலை ஒட்டியே குத்த வேண்டும் என்று தோன்றும். குத்தாதீர்கள். மேலே உள்ள மணி, கீழே உள்ள காலை விட அகலம். கால்கள் ஒட்டி நின்றால் மணிகளுக்கு இடமில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். கால்களுக்கு நடுவே ஒரு நூல் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி விட்டால் மணிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். நம் நூலுக்குச் சென்டிமீட்டருக்கு 8 முதல் 10 தையல். எண்ணித் தைக்கத் தேவையில்லை. முதல் அரைச் சென்டிமீட்டரில் கை கண்டுபிடித்துவிடும் தாளத்தை மாற்றாமல் போனால் போதும்.

இழுப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது இடைவெளியை விட முக்கியம். ஒரு தையலை இறுக்கி அடுத்ததைத் தளர விட்டால் மணிகளில் ஒன்று மேலேயும் ஒன்று பிளவுக்குள்ளேயும் போகும். தைக்கத் தைக்க நூலின் முறுக்கு அவிழும். அல்லது அதிகமாக முறுக்கேறிக் கொக்கி கொக்கியாகச் சுருளும். ஏழெட்டுத் தையலுக்கு ஒரு முறை துணியைத் தூக்கி ஊசியைத் தொங்க விடுங்கள். அது தானாகச் சுழன்று நிற்கும்.

ஊசி செங்குத்தாக இறங்குகிறதா என்பதை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். மேலே இரண்டரை மில்லிமீட்டரும் அடியில் ஒன்றரையுமாக இருந்தால் ஊசி சாய்ந்து போகிறது என்று பொருள். கோட்டின் பொத்தானைத் திறந்து போட்டுக்கொண்டு நடப்பவர்கள் அதிகம். உள்முகப்புப் பக்கமும் வெளியே தெரியும்.

கண்ணைச் சுற்றும்போது தாளம் மாறுகிறது. இங்கே தையல்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் போல விரிய வேண்டும்: வெளிவட்டத்தில் கால்கள் விலகி, உள்வட்டத்தில் மணிகள் நெருங்கி. துணியை ஒவ்வொரு தையலுக்கும் சற்றே திருப்பிக்கொண்டு போனால் இது தானாக வரும். துணியைத் திருப்பாமல் ஊசியைத் திருப்பினால் வராது. கண்ணுக்கு ஒன்பதிலிருந்து 11 தையல் போதும். அதற்கு மேல் நெருக்கினால் மணிகள் கண்ணை அடைத்துவிடும். புரியை இங்கே இழுக்காமல், விளிம்பைத் தொட்டபடி வளைத்து வைக்க வேண்டும். இழுத்தால் அது குறுக்கு வழி தேடி, கண் வட்டமாக இல்லாமல் முக்கோணமாகிவிடும். கண்ணில் மட்டும் நூலைக் கிட்டத்தட்ட நேர்மேலே இழுத்து முடிச்சை உட்கார வையுங்கள்.

நூல் போதாது என்று தெரிந்தால் கண்ணுக்கு வருவதற்கு முன்போ, கண்ணைத் தாண்டிய பிறகோ நேர்ப்பகுதியில் மாற்றுங்கள். பழைய நூலை அடுக்குகளுக்கு நடுவே விட்டுத் தள்ளி எடுத்து விடுங்கள். புது நூலை அடுக்குகளுக்குள் வழியாகக் கொண்டுவந்து கடைசி மணிக்குள்ளேயே மேலே எடுத்தால் இணைப்புத் தெரியாது. கண்ணில் மாற்றினால் எப்படிச் செய்தாலும் தெரியும்.

உள்முனைக் கட்டு

மறு உதடும் முடிந்ததும் புரியின் இரண்டு நுனிகளும் உள்முனையில் அடுத்தடுத்து நிற்கும். இரண்டையும் மெல்ல, ஒன்றாக இழுங்கள். பிளவின் உதடுகள் நேராகி ஒன்றையொன்று தொடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொட்ட உடனே நிறுத்த வேண்டும். புரி வைப்பதன் பெரும் பயனே இந்த இடத்தில்தான்: தைக்கும்போது துணி கொஞ்சம் நீண்டிருந்தாலும் இந்த இழுப்பு அதைச் சுருக்கித் தன் நீளத்துக்குக் கொண்டுவருகிறது, அதன் பிறகு நீளவும் விடாது. அதிகம் இழுத்தால் காஜாவைச் சுற்றித் துணி குவிந்து மேடாகும். இஸ்திரி அதைச் சரி செய்யாது. தளர்த்தித்தான் ஆக வேண்டும். ஆகவே கட்டுப் போடுவதற்கு முன் துணியைத் தட்டையாக மேசையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியாக இருந்தால் புரியின் நுனிகளை ஊசியில் கோத்து அடுக்குகளுக்கு நடுவே விட்டு மிச்சத்தை வெட்டிவிடுங்கள். இரண்டு வரிசைத் தையலின் முழு அகலத்துக்கும் குறுக்காக மூன்று நீளத் தையல் போட்டு, அவற்றின் மேல் அதே முடிச்சுத் தையலால் நெருக்கமாக மூடினால் கட்டு முடிந்தது. கட்டு பிளவின் முனையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனால் அந்த இடைவெளியில்தான் முதல் கிழிசல் தொடங்கும்.

முடிப்பது

உதடுகளைச் சேர்த்து, தற்காலிக நூலால் சாய்வுத் தையல் போட்டு மூடுங்கள். மேசையில் ஒரு தடித்த துண்டை விரித்து, காஜாவைக் கவிழ்த்து வைத்து, உள்பக்கத்திலிருந்து ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி எடுங்கள், இழுக்க வேண்டாம். நேர்ப்பக்கத்தில் சூடு வைத்தால் மணிகள் நசுங்கிப் பளபளக்கும், எடுத்த எழுப்பம் போய்விடும். சூடு இருக்கும்போதே கண்ணுக்குள் குத்தூசியை விட்டு ஒரு சுழற்று சுழற்றினால் கண் வட்டமாகி அப்படியே நிலைக்கும். மூடிய தையலைக் கோட்டு முழுதாக முடியும் வரை பிரிக்காதீர்கள்.

முடிந்த காஜாவைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது கடினமல்ல. தையல்களுக்கு நடுவே புரி தெரிந்தால் இடைவெளி கூடிவிட்டது. மணிகள் எல்லாம் பிளவுக்குள் சாய்ந்திருந்தால் நூலை மேலே இழுக்காமல் உங்களை நோக்கி இழுத்திருக்கிறீர்கள், அல்லது புரி விளிம்பிலிருந்து பின்வாங்கிவிட்டது. மூடும் தையலைப் பிரித்ததும் உதடுகள் வாய் பிளந்தால் புரி தளர்ந்திருக்கிறது. மணிகளுக்கு நடுவே துணியின் பிசிறு எட்டிப் பார்த்தால் ஓரம் கட்டியதில் குறை; கத்திரியால் பிசிறை நறுக்கி ஒப்பேற்றலாம், ஆனால் அது திரும்ப வரும். முதல் மூன்றையும் பிரித்துத் தைக்கலாம். ஒரே ஒரு முறைதான். பிரிக்கும்போது ஓரம் கட்டிய நூல் அறுந்துவிட்டால் விளிம்பு உதிர்ந்து பிளவு அகன்றுவிடும், அதற்கு மேல் ஆழமாகத் தைத்தால் பக்கத்துக் காஜாவோடு ஒத்துப் போகாது.

பொத்தான் தைக்கும்போது காம்பை மூன்று அடுக்கின் கனத்துக்கு விட வேண்டும். நம் கோட்டில் அது 3 மில்லிமீட்டருக்குக் குறையாது. காம்பு குட்டையாக இருந்தால் நல்ல காஜாவும் பொத்தானுக்கு அடியில் சுருங்கி நிற்கும். இடத்தைக் குறிக்க இரண்டு முன்பக்கத்தையும் நடுக்கோட்டோடு நடுக்கோடு பொருத்தி வைத்து, கண்ணின் ஓரப்பக்க முனையிலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே குண்டூசி இறக்குங்கள்.

இன்னொன்று. இரண்டு பொத்தான் கோட்டில் கீழ்ப் பொத்தானைப் போடாமல் விடுவதுதான் வழக்கம். ஆகவே கோட்டில் தொடங்கும்போது கீழ்க் காஜாவை முதலில் எடுங்கள். கை சூடேறிய பிறகு மேல் காஜாவுக்கு வாருங்கள்.